ரத்தப் பரிசோதனை நார்மல் என்றால் கழுத்துக் கட்டியை விட்டுவிடலாமா?

"என் தம்பிக்கு 28 வயது. கழுத்தில் இடது பக்கம், காறை எலும்புக்குச் சற்று மேலே, இரண்டரை மாதமாக ஒரு கட்டி இருக்கிறது. வலியே இல்லை. ரத்தப் பரிசோதனை முழுவதும் நார்மல். ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் 'ரியாக்டிவ்' என்று வந்திருக்கிறது. ஆனாலும் டாக்டர் கட்டியை முழுதாக எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால் ரத்தப் புற்றுநோய் இல்லை என்றுதானே பொருள்? லிம்போமா, லுகேமியா இரண்டும் ஒன்றா, வேறா? வலிக்காத கட்டிக்கு எதற்கு அறுவை?"

உங்கள் தம்பியின் டாக்டர் சொல்வது சரி. அவர் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. அதனால் அந்தக் கட்டி என்னவென்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் இரண்டு அறிக்கைகளும் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நான் நோய்க்குறியியல் மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, அறுவை அரங்கிலிருந்து வரும் நிணநீர்க் கணுக்களை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் சொல்வதுதான் என் வேலை. குழப்பம் 'ரத்தப் புற்றுநோய்' என்ற சொல்லில் தொடங்குகிறது. அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு இடங்களில் தொடங்கும் நோய்களை நாம் சேர்த்து வைத்திருக்கிறோம். எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்தால், எந்தப் பரிசோதனை எதைப் பிடிக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

லுகேமியா எலும்பு மஜ்ஜையில் தொடங்குகிறது. இடுப்பு எலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் உள்ளே இருக்கும் மென்மையான திசுதான் மஜ்ஜை. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு எல்லாம் அங்கேதான் உருவாகின்றன. அங்கே ஒரு இளம் அணு முதிராமலே பெருகத் தொடங்கினால், மற்ற அணுக்கள் உருவாக இடம் இல்லாமல் போகிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். தட்டணு எட்டிலிருந்து பத்து நாள்தான். கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் ரத்தத்தில் ஒரு நாள்கூட முழுதாக இருப்பதில்லை. ஆகவே உற்பத்தி தடைப்பட்டால் வெகு விரைவில் வெளியே தெரியும். ஈறில் ரத்தம் கசியும், காலில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தோன்றும், காய்ச்சல் விடாது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இது தீவிர லுகேமியாவின் படம். மெதுவாக வளரும் வகைகளில் எந்த அறிகுறியும் இல்லாமல் வெள்ளணு எண்ணிக்கை மட்டும் ஏறியிருக்கும். இரண்டிலும் பெரும்பாலும் விரல் நுனியிலோ கையிலோ எடுத்த ரத்தம் நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். காரணம் எளிது. மஜ்ஜையில் உருவாவது ரத்தத்தில்தான் வந்து சேர வேண்டும்.

லிம்போமா தொடங்கும் இடம் வேறு. அது லிம்போசைட் என்ற ஒரே வகை வெள்ளணுவில் பிறக்கும் புற்றுநோய். லிம்போசைட்டுகளும் மூலத்தில் மஜ்ஜையிலிருந்து வந்தவைதான். ஆனால் அவை வேலை செய்யும் இடம் நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், டான்சில், குடலின் உட்சுவர் போன்றவை. கணு என்பது நெறிகட்டும்போது கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் கைக்குத் தட்டுப்படும் அந்த உருண்டைதான். உடலில் பல நூறு கணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வடிகட்டி, கூடவே ஒரு பயிற்சிக்கூடம். தொண்டையில் கிருமி புகுந்தால் அதன் துணுக்குகள் நிணநீர் வழியாகக் கழுத்துக் கணுவுக்கு வந்து சேரும். அங்கே பி-வகை லிம்போசைட்டுகள் சிறு வட்டங்களாகத் திரண்டு மிக வேகமாகப் பெருகும். பெருகுவது மட்டுமல்ல, தங்கள் மரபணுவில் எதிர்ப்பொருளுக்கான பகுதியைத் தாங்களே வெட்டியும் மாற்றியும் எழுதிப் பார்க்கும். கிருமியோடு இன்னும் இறுக்கமாகப் பொருந்தும் எதிர்ப்பொருளைச் செய்வதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. நம் உடலில் தன் மரபணுவைத் தானே திருத்தத் துணியும் அணுக்கள் மிக அரிது. அந்தத் திருத்தம் தவறான இடத்தில் விழுந்து, சாக வேண்டிய அணு சாகாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? பல லிம்போமாக்கள் இங்கே இருந்துதான் தொடங்குகின்றன. இளம் வயதினரிடம் அதிகம் காணும் ஹாட்ஜ்கின் லிம்போமாவின் அணுவும் இந்த வட்டங்களிலிருந்து வழிதவறி வந்த ஒரு பி-அணுதான் என்பது 1990-களில் மரபணு ஆய்வுகளால் உறுதியானது.

இப்போது உங்கள் தம்பியின் ரத்த அறிக்கைக்கு வருவோம். கழுத்தில் ஒரு கணுவுக்குள் லிம்போமா தொடங்கியிருந்தால் அவருடைய மஜ்ஜைக்கு அது தெரியவே தெரியாது. சிவப்பணுவும் தட்டணுவும் வழக்கம்போல் உருவாகிக்கொண்டிருக்கும். புற்றணுக்கள் கணுவுக்குள்ளேயே தங்கியிருப்பதால் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் அவை இருக்காது. ஆகவே லிம்போமா உள்ளவர்களில் பலருக்கு, குறிப்பாகத் தொடக்க நிலையில், ரத்த அணுக்களின் எண்ணிக்கை முற்றிலும் இயல்பாகவே இருக்கும். நார்மல் என்ற அந்த அறிக்கைக்கு மதிப்பு இல்லை என்று சொல்லவில்லை. தீவிர லுகேமியா இருக்கும் வாய்ப்பை அது வெகுவாகக் குறைத்துவிட்டது, அது நல்ல செய்திதான். ஆனால் கட்டியைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசவில்லை. இ.எஸ்.ஆர்., எல்.டி.எச். போன்ற வேறு ரத்த அளவீடுகள் உயர்ந்திருந்தால் சந்தேகம் கூடும். இயல்பாக இருந்தால் சந்தேகம் தீராது.

லிம்போமாவும் லுகேமியாவும் முற்றிலும் வேறு என்று கோடு கிழித்துவிடவும் முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் தேடினால் இதில்தான் தலை சுற்றும். முதியவர்களிடம் காணும் ஒரு மெதுவான பி-அணு நோய் இருக்கிறது. அதே அணு ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 5,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் நாள்பட்ட லிம்போசைட் லுகேமியா என்கிறோம். ரத்தத்தில் அவ்வளவு இல்லாமல் கணுக்களில் மட்டும் வீக்கமாக இருந்தால் அதற்கே சிறு லிம்போசைட் லிம்போமா என்று பெயர். நோய் ஒன்று, பெயர் இரண்டு. குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் வரும் லிம்போபிளாஸ்ட் என்ற முதிராத லிம்போசைட்டின் நோயிலும் இப்படித்தான், மார்புக்குள் கட்டியாகத் தொடங்கினால் ஒரு பெயர், மஜ்ஜையை நிறைத்திருந்தால் இன்னொரு பெயர். இந்தக் கோடுகள் நாம் சிகிச்சை வசதிக்காகப் போட்டுக்கொண்டவை. வரலாற்றிலும் இரண்டும் இரண்டு வாசல் வழியாகத்தான் வந்தன. தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் இறந்தவர்களின் உடலைத் திறந்து, வீங்கிய கணுக்களையும் மண்ணீரலையும் கண்டு எழுதினார். ருடால்ஃப் விர்ஷோ 1845-இல் ரத்தம் வெளுத்துக் கிடப்பதைக் கண்டு 'வெண்குருதி' என்றார். லுகேமியா என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஒருவர் கணுவைப் பார்த்தார், மற்றவர் ரத்தத்தைப் பார்த்தார். எதை எங்கே தேட வேண்டும் என்பதற்கு இன்றும் அந்தப் பிரிவு உதவுகிறது.

வலிக்காததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கணுவைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு. வலியை உணரும் நரம்பு முனைகள் அந்த உறையில் இருக்கின்றன. தொண்டைப் புண்ணோ பல் சீழோ வந்தால் இரண்டு மூன்று நாளில் கணு வீங்குகிறது. உறை சட்டென்று இழுபடுகிறது. அழற்சியில் சுரக்கும் பொருள்கள் நரம்பைத் தூண்டுகின்றன. அதனால் தொட்டாலே வலிக்கிறது. லிம்போமா அப்படி வருவதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல நிரம்புகிறது. உறையும் அதற்கேற்ப மெல்லத் தளர்ந்து கொடுக்கிறது. வலிக்க ஒரு காரணமும் இல்லை. சட்டைக் காலர் பட்டனைப் போடும்போதோ முகம் மழிக்கும்போதோதான் பலர் முதலில் கவனிக்கிறார்கள். வலித்திருந்தால் மறுநாளே மருத்துவரிடம் போயிருப்பார்கள், வலிக்காததால் மூன்று மாதம் கழித்து வருகிறார்கள். அந்தத் தாமதம்தான் என்னை வருத்துகிறது.

இதைத் திருப்பிப் போட்டு, வலிக்காத கட்டி எல்லாம் புற்றுநோய் என்று யாரும் படித்துவிடக் கூடாது. காரணம் புரியாத நெறிக்கட்டியுடன் பொது மருத்துவரிடம் வருபவர்களில் நூற்றில் ஓரிருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மீதிப் பேருக்கு வைரஸ் காய்ச்சல் விட்டுச்சென்ற வீக்கம், தலைப்பொடுகு, பல் சொத்தை, காசநோய் என்று வேறு காரணம் இருக்கும். ஆகவே எல்லாக் கணுவையும் அறுக்க வேண்டியதில்லை. எதை அறுக்க வேண்டும் என்று தீர்மானிக்க நான்கு விஷயங்களைப் பார்ப்போம்: எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, எவ்வளவு நாளாக இருக்கிறது, தொட்டால் எப்படி இருக்கிறது. இவற்றில் இடம்தான் எனக்கு முதன்மை. தாடைக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் கணு பலருக்கும் இருக்கும். தொடை இடுக்கில் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வாழ்நாள் முழுதும் இருந்துகொண்டே இருக்கலாம், காலில் படும் சிறு காயங்களே அதற்குப் போதும். ஆனால் காறை எலும்புக்கு மேலே கைக்குத் தட்டுப்படும் கணு எந்த அளவில் இருந்தாலும் அது இயல்பு அல்ல. அந்தக் கணுவுக்கு நிணநீர் வருவது மார்புக்குள்ளிருந்தும் வயிற்றுக்குள்ளிருந்தும். தொண்டைப் புண்ணால் அது வீங்குவது வழக்கமில்லை. உங்கள் கேள்வியில் 'காறை எலும்புக்குச் சற்று மேலே' என்று படித்ததுமே அந்த டாக்டர் ஏன் விடாப்பிடியாக இருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

காலத்தைப் பொறுத்தவரை, தொற்றால் வந்த வீக்கம் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் சுருங்கத் தொடங்கும். அதைத் தாண்டியும் அப்படியே இருந்தாலோ வளர்ந்தாலோ காரணம் தேட வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. சில மெதுவான லிம்போமாக்களில் கணு தானாகவே கொஞ்சம் சுருங்கி மறுபடியும் பெருக்கும். 'போன மாதத்தைவிடச் சின்னதாகத்தான் இருக்கிறது' என்பதை மட்டும் நம்பி நிம்மதி அடைய முடியாது. தொடும்போது லிம்போமாக் கணு பெரும்பாலும் ரப்பரைப் போல் இருக்கும், அழுத்தினால் எதிர்த்துத் தள்ளும். வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய்க் கணு கல்லைப் போல் இருக்கும். காசநோய்க் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். இவை உதவும் குறிப்புகள்தான், தீர்ப்பு அல்ல. ரப்பரைப் போல் இருந்த கணு காசநோயாக முடிந்ததையும், ஒட்டிக்கிடந்த கணுக்கள் லிம்போமாவாக முடிந்ததையும் நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இனி அந்த 'ரியாக்டிவ்' என்ற சொல். அதை விளக்க ஒருவரின் கதையைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சற்று மாற்றி. இருபத்து நான்கு வயதுப் பெண். கழுத்தின் இடப்பக்கம், காறை எலும்புக்கு மேலே இரண்டரை சென்டிமீட்டர் கணு, இரண்டு மாதமாக. ஹீமோகுளோபின் 11.8, வெள்ளணு 10,400, தட்டணு நான்கு லட்சம். யாரும் பயப்படும் எண்கள் இல்லை. இ.எஸ்.ஆர். மட்டும் 58. ஊசிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மெல்லிய ஊசியைக் கணுவுக்குள் செலுத்தி, உறிஞ்சிய துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமிட்டுப் பார்ப்பது அது. தகடுகளில் சிறிதும் பெரிதுமான லிம்போசைட்டுகள் கலந்திருந்தன. அங்கங்கே ஈயோசினோபில் என்ற வேறொரு வகை வெள்ளணுக்கள் தெரிந்தன. சந்தேகத்துக்கு உரிய அணு ஒன்றுகூட இல்லை. அறிக்கையில், 'தூண்டப்பட்ட கணு, அதாவது ரியாக்டிவ். வீக்கம் நீடித்தால் கணுவை முழுதாக எடுத்துப் பரிசோதிக்கவும்' என்று எழுதி நான்தான் கையெழுத்திட்டேன். முதல் பாதியைப் படித்தார்கள். இரண்டாம் பாதியை யாரும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து வேறொரு மருத்துவர் அனுப்பி அவர் திரும்பி வந்தார். உடம்பெல்லாம் அரிப்பு, தோலில் தடிப்பு எதுவும் இல்லை. படுத்தால் இருமல். மார்பு எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவிலுள்ள நிழல் அகன்றிருந்தது. இப்போது கணு மூன்று சென்டிமீட்டர். அறுவை நிபுணர் அதை உறையோடு முழுதாக எடுத்து அனுப்பினார். கத்தியால் நடுவே பிளந்தேன். ஆரோக்கியமான கணுவின் வெட்டுமுகம் பழுப்பும் இளஞ்சிவப்புமாக இருக்கும். இது மீன் சதையைப் போல் வெளுத்து, குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நார்கள் ஓடி, திட்டுத்திட்டாகப் பிரிந்திருந்தது. நுண்ணோக்கியில் வைத்தபோதும் முதலில் தெரிந்தது சாதாரணக் கூட்டம்தான்: லிம்போசைட், ஈயோசினோபில், பிளாஸ்மா அணு. அவற்றின் நடுவே, நார்களுக்கு ஓரமாக, தகட்டை மெல்ல நகர்த்திக்கொண்டே போகையில் அது வந்தது. சுற்றியிருந்த அணுக்களைவிடப் பல மடங்கு பெரியது. இரண்டு உட்கரு, ஒவ்வொன்றிலும் சிவந்த ஒரு பெரும் புள்ளி, இரண்டு ஆந்தைக் கண்கள் நம்மையே பார்ப்பதைப் போல. ஹாட்ஜ்கின் லிம்போமாவின் புற்றணுவான ரீட்-ஸ்டெர்ன்பெர்க் அணு. அந்த அணுவை அடையாளம் காட்டும் சிடி30, சிடி15 என்ற இரண்டு சிறப்புச் சாயங்களும் பிடித்தன. ஹாட்ஜ்கின் லிம்போமா, நார்த்திட்டு வகை.

அன்று மாலை அந்த பழைய ஊசித் தகடுகளை வெளியே எடுத்து ஒவ்வொரு மூலையாகத் தேடினேன். ஒரு ரீட்-ஸ்டெர்ன்பெர்க் அணுகூட அவற்றில் இல்லை. ஊசி போன வழியில் அவை இருந்திருக்கவில்லை. ஹாட்ஜ்கின் லிம்போமாவின் தனித்தன்மையே இதுதான். கணுவில் நூறு அணுக்கள் இருந்தால் புற்றணு பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மீதி எல்லாம் அது தன்னைச் சுற்றி வரவழைத்துக்கொண்ட நல்ல அணுக்கள். அந்த நல்ல அணுக்களை மட்டும் ஊசி அள்ளிக்கொண்டு வந்தால் 'ரியாக்டிவ்' என்றுதான் யாரும் எழுத முடியும். தவிர அந்த வகையில் நார் அதிகம், நார் ஊசிக்குள் வராது. மற்ற லிம்போமாக்களில் சிக்கல் வேறு மாதிரி. அவற்றில் அணுவின் தோற்றத்தைவிட அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் நோயைச் சொல்லும். கணுவின் வட்டங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா, முதுகோடு முதுகாக நெருக்கிக்கொண்டு நிற்கின்றனவா, உறையைத் தாண்டி வெளியே வழிகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு கட்டடத்திலிருந்து ஒரு பிடி செங்கல்லைக் கொண்டுவந்து கொடுத்து அது என்ன கட்டடம் என்று கேட்டால் எப்படிச் சொல்வது? அதனால்தான் ஊசிப் பரிசோதனையில் புற்றுநோய் தெரிந்தால் நம்பலாம், காசநோய்க் கிருமி தெரிந்தால் நம்பலாம். 'ரியாக்டிவ்' என்று வந்து, கட்டியோ குறையாமல் இருந்தால், அந்த அறிக்கையோடு நின்றுவிடக் கூடாது.

அந்தப் பெண்ணுக்குப் பெட் சிடி ஸ்கேனில் கழுத்தும் மார்பும் மட்டும் பளிச்சிட்டன, மஜ்ஜையில் நோய் இல்லை. இரண்டாம் நிலை. புற்றுநோய் வந்து ஐந்து மாதத்துக்கு மேலாகியும் அவர் மஜ்ஜை சுத்தமாகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள். ரத்த அறிக்கை பொய் சொல்லவில்லை, நாம் அதனிடம் கேட்ட கேள்விதான் தவறு. ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கலவையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஒளிர்வு மறைந்திருந்தது. சிகிச்சையை முடித்து இப்போது ஏழாவது ஆண்டு, நலமாக இருக்கிறார். தொடக்க நிலை ஹாட்ஜ்கின் லிம்போமாவில் பத்தில் ஒன்பது பேருக்கு அருகில் நல்ல முடிவு கிடைக்கிறது. எல்லா லிம்போமாவுக்கும் இப்படிச் சொல்ல முடியாது. லிம்போமா என்ற பெயருக்குள் பல பத்து நோய்கள் இருக்கின்றன, சில வாரங்களில் பெருகுபவை உண்டு, பத்தாண்டுகளுக்கு மருந்தே இல்லாமல் கவனித்துக்கொண்டிருக்கக் கூடியவையும் உண்டு. அதனால்தான் 'லிம்போமா' என்ற சொல்லோடு அறிக்கை நிற்காமல் எந்த வகை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வகை சொல்ல எனக்கு முழுக் கணு வேண்டும்.

பரிசோதனைக்கு முன் நடக்கக் கூடாத ஒன்றைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். கட்டி சுருங்கட்டும் என்று ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கிவிடாதீர்கள், யார் கொடுத்தாலும் ஏன் என்று கேளுங்கள். ஸ்டீராய்டு லிம்போசைட்டுகளைக் கொல்லும். கட்டி சில நாளில் வற்றும், எல்லோரும் மகிழ்வார்கள். அந்த நேரத்தில் கணுவை எடுத்தால் எனக்குக் கிடைப்பது செத்த அணுக்களின் குவியல், அதில் பெயர் சொல்ல முடியாது. சில வாரங்களில் கட்டி திரும்பி வரும், அதற்குள் நாள் போயிருக்கும். மூச்சுக்குழாய் அழுந்தி உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் மட்டும் ஸ்டீராய்டை உடனே தர வேண்டி வரலாம், அது வேறு. அதேபோலக் கிருமி இருப்பதற்கான சான்று எதுவும் இல்லாமல் 'காசநோயாகத்தான் இருக்கும்' என்ற யூகத்தில் ஆறு மாத மருந்தைத் தொடங்குவதும் பலரை எங்களிடம் தாமதமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டு நோய்க்கும் மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக்குறைவு எல்லாம் பொதுவானவை. ஆகவே அறிகுறியை வைத்துப் பிரிக்க முடியாது, திசுவை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

அறுவையைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். லிம்போமாவில் அதற்கு இடமில்லை. அதன் சிகிச்சையே பெரும்பாலும் உடல் முழுதும் போய்ச் சேரும் மருந்துதான், கணுவை எடுப்பது பெயர் தெரிந்துகொள்வதற்காக மட்டுமே. வாய், தொண்டைப் புற்றுநோய் கழுத்துக்குப் பரவியிருக்கலாம் என்று சந்தேகப்படும்போது மட்டும் வரிசை மாறும். புகையிலைப் பழக்கம் உள்ள, நாற்பதைத் தாண்டிய ஒருவருக்குக் கல் போன்ற கழுத்துக் கட்டி என்றால் முதலில் தொண்டையை உள்ளே பார்த்து, ஊசிப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் மேலே போவார்கள். உங்கள் தம்பிக்கு அந்தப் படம் பொருந்தவில்லை. கைக்குத் தட்டுப்படும் கணுவைப் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே எடுத்துவிடலாம், அன்றே வீட்டுக்கும் போகலாம். உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. கழுத்தின் பக்கவாட்டில் தோளை உயர்த்தும் நரம்பு தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. அதில் காயம் பட்டால் தோள் தொங்கிப்போகும். ஆகவே கழுத்தில் அடிக்கடி அறுவை செய்யும் ஒருவர் கையால் அது நடப்பது நல்லது.

அறுவைக்கு முன் நீங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை இவை. எடுக்க எளிது என்பதற்காகத் தொடை இடுக்கிலிருந்து ஒரு சின்னக் கணுவை எடுத்துவிட வேண்டாம், சந்தேகத்துக்கு உரிய பெரிய கணுவையே, முடிந்தவரை உறையோடு முழுதாக எடுக்கச் சொல்லுங்கள். அது முடியாத ஆழத்தில் இருந்தால் தடித்த ஊசியால் எடுக்கும் திசுக்கீற்று அடுத்த வழி, மெல்லிய ஊசியை மறுபடி வைப்பது அல்ல. கணு வெளியே வந்த உடனே முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடக் கூடாது. ஃபார்மலின் திசுவைக் கெடாமல் காக்கும், ஆனால் அதில் விழுந்த நொடியிலிருந்து காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வாய்ப்பும், உயிருள்ள அணுக்களை வகைபிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனையும் போய்விடும். ஒரு துண்டு உப்புநீரில், தாமதமில்லாமல் ஆய்வகத்துக்கு வர வேண்டும், மீதி ஃபார்மலினில். எந்த ஆய்வகத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்பதை முந்தின நாளே பேசி வைத்துக்கொண்டால் அன்றைக்கு அலைய வேண்டியிருக்காது.

அதுவரை தம்பியிடம் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். காரணமில்லாமல் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வருகிறதா, இரவில் உடையும் படுக்கை விரிப்பும் நனைந்து மாற்ற வேண்டிய அளவுக்கு வியர்க்கிறதா, ஆறு மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறதா. இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நிலை பிரிக்கும்போது இவை கணக்கில் வரும். இல்லையென்றால் அதைக் காரணம் காட்டி அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம், லிம்போமா உள்ள பலருக்கு இவை எதுவுமே இருப்பதில்லை. மார்பு எக்ஸ்ரே இதுவரை எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். முகமோ கழுத்தோ உப்பினால், கழுத்து ரத்தக் குழாய்கள் புடைத்தால், மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சுத் திணறினால், அறுவைக்குக் குறித்த நாள்வரை காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அறிக்கை வருவதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ ஆகலாம். முதல் சாயத்தில் தெரிவதை வைத்து அடுத்தடுத்த சிறப்புச் சாயங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால் அந்தத் தாமதம் இயல்பானது, நாள் ஆகிறது என்பதால் கெட்ட செய்தி என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். வந்த பிறகு முதல் வரியோடு நிறுத்திவிடாமல் கடைசி வரிவரை டாக்டரோடு உட்கார்ந்து படியுங்கள். முழுக் கணுவிலும் ரியாக்டிவ் என்று வந்தால் அதற்கு ஊசி அறிக்கையைவிட எடை மிக அதிகம். அப்போதும் ஆறு வாரம், மூன்று மாதம் என்று இரண்டு முறை கழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்தில் புதிதாக ஒரு கணு வந்தால் அதையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.